ஒவ்வொரு ஐயாவுக்கும் ஒரு மெஸ்யேவா?

'ஐயா' என்றால் மெஸ்யே, 'அம்மா' என்றால் மதாம். பிரெஞ்சில் வேறெப்படி எழுதினாலும் மூலத்துக்குத் துரோகம் என்கிறது மொழிபெயர்ப்பாளர்களில் ஒரு தரப்பு. அகராதிக்கு அது சரி. உரையாடலுக்கு?

"வாங்கய்யா, உக்காருங்கய்யா, காபி சாப்பிடுறீங்களாய்யா?" என்று திண்ணையில் ஒருவர் பெரியவரை உபசரிக்கிறார். மூன்றுக்கும் மெஸ்யே போட்டால், பிரெஞ்சு வாசகர் காதில் ஓட்டல் சிப்பந்தியின் குரல்தான் விழும். முதல் வரியில் ஒரு மெஸ்யே போதும். மீதி மரியாதையை, 'நீங்கள்' என்பதற்கு நிகரான 'வூ' சுமந்துகொள்ளும். தமிழில் 'ங்க' விகுதி செய்யும் வேலைதான் அது.

அம்மாவின் சிக்கல் வேறு. தாய் தன் ஐந்து வயது மகளை "வாம்மா" என்றழைக்கும் இடத்தில் மதாம் போட்டால் கேலியாகிவிடும். அங்கே 'மா ஷெரி' வேண்டும். வினையும் 'நீ'க்குரிய 'தூ'வில் அமைய வேண்டும். காய்கறிக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லும் "வாங்கம்மா"வுக்கோ பிரெஞ்சுச் சந்தை வியாபாரிகளின் 'மா பெத்தித் தாம்' பொருந்தும், சற்றே பழைய வாடை அடித்தாலும்.

விலக்கு ஒன்று உண்டு. பண்ணையாரிடம் கூலியாள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஐயா' போடுகிறார். பண்ணையார் 'நீ' என்றே பதில் சொல்கிறார். அந்தக் காட்சியில் விறைப்புதான் விஷயம். கூலியாளின் பேச்சில் 'வூ'வும் மெஸ்யேவும் ஒன்றுவிடாமல் இருக்கட்டும், பண்ணையாரின் பேச்சில் 'தூ' மட்டும்.