ஆறு லட்சம்னு சொல்லிட்டு வந்தாச்சு, அப்புறம்?

ஆஃப்-கேம்பஸ் இன்டர்வியூ. டெக்னிக்கல் ரவுண்ட் நல்லாவே போச்சு. கடைசியில் ஹெச்ஆர் மேடம் கேட்கிறார், "உங்க எக்ஸ்பெக்டேஷன் என்ன?" நீங்க ஆறு லட்சம் என்கிறீர்கள். "இந்த ரோலுக்கு எங்க ரேஞ்ச் 3.6-ல இருந்து 4.2 வரைக்கும்தான்" என்கிறார் அவர். "யோசிச்சு சொல்றேன் மேம்" என்று சொல்லிட்டு வெளியே வந்துடுறீங்க. இனி என்ன பண்ணணும்?

நம்மில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ரெண்டு காரியத்தில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, அவங்களே கூப்பிடட்டும்னு சும்மா இருந்துடுறது. இல்லைன்னா அன்னிக்கு ராத்திரியே பயத்தில் "எந்தச் சம்பளமும் ஓகே" என்று மெயில் அடிக்கிறது. ரெண்டுமே தப்பு என்பது என் கருத்து. அடுத்த ஒரு வாரத்தில் ரெண்டு மெயில் எழுதணும். முதல் மெயில் கதவு மூடாமல் இருப்பதற்கு. ரெண்டாவது மெயில் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு. நடுவில் ஒரு கணக்கு போடணும்.

முதலில், சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஹெச்ஆரிடம் ஒரு ஷீட் இருக்கும். உங்க பேர், காலேஜ், ரவுண்ட் ரிசல்ட், பக்கத்தில் 'எக்ஸ்பெக்டட் சிடிசி' என்று ஒரு காலம். அதில் 6 என்று எழுதியிருக்கும். ரேஞ்சோட உச்சி 4.2. அதே ரவுண்டைத் தாண்டிய இன்னொருத்தர் காலத்தில் 4 என்று இருந்தால், ஆஃபர் முதலில் அவருக்குத்தான் போகும். உங்களை யாரும் வேண்டாம்னு முடிவு பண்ணவில்லை. உங்க வரிசையைத் தாண்டிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். நீங்க யோசிச்சுட்டு இருக்கீங்க என்பது அந்த ஷீட்டுக்குத் தெரியாது. அதனால் முதல் மெயில் இருபத்திநாலு மணி நேரத்துக்குள் போகணும்.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு இந்த வருஷம் இதே நிலைமை வந்தது. பேர் போடாதே என்றாள், கணக்கை மட்டும் போட்டுக்கோ என்றாள். சென்னையில் நடுத்தர அளவு கம்பெனி, டெஸ்டிங் வேலை. அவள் சொன்னது 6, அவர்கள் சொன்னது 3.6 முதல் 4.2.

மறுநாள் காலை அவள் அனுப்பிய மெயிலில் மூணு விஷயம்தான் இருந்தது. மெயில் இங்கிலீஷில்தான் போகும், சாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். நேற்றைய பேச்சுக்கு நன்றி, முக்கியமாக ஆட்டோமேஷன் பற்றிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது என்பது முதல் விஷயம். இந்த ரோலுக்கான ரேஞ்ச் இப்போது தெரிகிறது, அதன் மேல் பகுதியை ஒட்டிப் பேச நான் தயார் என்பது ரெண்டாவது. 4.2 என்றால் அதில் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, பிஎஃப்-க்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்ப முடியுமா என்பது மூணாவது.

ரெண்டாவது வாக்கியத்தைக் கவனிங்க. ஆறில் இருந்து அவள் இறங்கிவிட்டாள், ஆனால் 3.6 வரைக்கும் இறங்கவில்லை. ரேஞ்சுக்குள் எங்கே நிற்கிறாள் என்று அவளே சொல்லிவிட்டாள். "எந்தச் சம்பளமும் ஓகே" என்று எழுதியிருந்தால் ஷீட்டில் 3.6 என்று ஏறியிருக்கும், அதற்கு மேல் கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

ரெண்டு நாளில் பிரேக்-அப் வந்தது. இனிதான் கணக்கு.

வருஷத்துக்கு 4,20,000. இதில் வேரியபிள் 30,000. வருஷக் கடைசியில், அதுவும் கம்பெனி நல்லா ஓடினால். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் மாசம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்கு என்று 10,100. மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு 6,000. இதெல்லாம் சிடிசி-யில் இருக்கும், மாசாமாசம் உங்க அக்கவுண்டுக்கு வராது. கழித்தால் மீதி 3,52,300. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் சுமார் 29,350. அதிலிருந்து உங்க பங்கு பிஎஃப் 1,800 போகும். தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, அதாவது மாசம் இருநூற்றுச் சொச்சம். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆக, கைக்கு வருவது சுமார் 27,350. இதே மாதிரிப் பிரித்தால் 3.6-க்குக் கைக்கு 23,000கூட வராது.

இப்போது மறுபக்கம். பிஜி சாப்பாட்டோடு 9,500. பஸ், மெட்ரோ 2,000. போன், சோப்பு, மருந்து, எப்பவாவது ஒரு சினிமா என்று 4,000. வீட்டுக்கு 13,000, காலேஜ் ஃபீஸுக்காக அம்மா வைத்த நகைக்கடனைக் கட்டுவதும் இதில் அடக்கம். மொத்தம் 28,500. இதுக்குக் கீழே போனால் அவளால் சென்னையில் இருக்க முடியாது.

ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. இன்டர்வியூ ரூமில் தெரிந்த இடைவெளி வருஷத்துக்கு 1,80,000. உண்மையான இடைவெளி மாசம் 1,150 ரூபாய். முதல் தொகையைக் கேட்டால் ஹெச்ஆரால் ஒன்றும் பண்ண முடியாது. ரேஞ்ச் என்பது அந்தப் பதவிக்கு மேலே இருப்பவர்கள் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த பட்ஜெட். அதைத் தாண்டினால் போன வருஷம் சேர்ந்தவர்களைவிட உங்களுக்கு அதிகமாகிவிடும், அவர்கள் கேட்பார்கள். ஆனால் மாசம் 1,150 என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

ரெண்டாவது மெயிலில் அவள் கேட்டது இதுதான்: 4.2 எனக்குச் சம்மதம். அதில் இருக்கும் 30,000 வேரியபிளை ஃபிக்ஸடில் சேர்க்க முடியுமா? சென்னையில் தங்கி, வீட்டுக் கடனையும் கட்ட எனக்கு மாசம் 28,500 கைக்கு வரணும். இப்படி மாற்றினால் அது சரியாகிவிடும், நான் சேரத் தயார். கம்பெனிக்கு மொத்தச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவளுக்கு மாசம் 2,500 கூடும், 29,850 வரும்.

வேரியபிள் எல்லாருக்கும் ஒரே விதி, ஒருத்தருக்காக மாற்ற முடியாது என்று பதில் வந்தது. ஆனால் அதே பதிலில், முதல் மாசச் சம்பளத்தோடு 30,000 ஜாயினிங் போனஸ் தருகிறோம், ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தரணும் என்று இருந்தது. முதல் வருஷத்துக்கு இது மாசம் 2,500-க்குச் சமம். அடுத்த வருஷத்துக்கு அது இருக்காது. அதனால் அவள் இன்னும் ஒரு வரி கேட்டாள்: பன்னிரண்டு மாசம் முடிஞ்சதும் சம்பள ரிவ்யூ உண்டு என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தாங்க. எழுதித் தந்தார்கள், சேரப் போகிறாள். போனில் சொன்ன ரிவ்யூவை நம்பிச் சேராதீங்க. சொன்ன ஹெச்ஆரே அடுத்த வருஷம் வேற கம்பெனியில் இருப்பார்.

இங்கே சீனியர் அண்ணன்கள் சொல்வது காதில் விழுகிறது. "ஃபர்ஸ்ட் ஜாப்டா, சம்பளமெல்லாம் பேசாத, உள்ள போ." இதில் பாதி உண்மை. நூற்றுக்கணக்கான பேரை ஒரே பேக்கேஜில் எடுக்கும் பெரிய கம்பெனி என்றால், அங்கே ரேஞ்சே கிடையாது, ஒரே நம்பர்தான். அங்கே ரெண்டாவது மெயில் வீண். எப்படிக் கண்டுபிடிப்பது? "எல்லா ஃபிரெஷருக்கும் இதுதான்" என்று சொன்னால் அது நகராது. "இங்கிருந்து இதுவரைக்கும்" என்று சொன்னால் நகரும், ஆனால் அந்த எல்லைக்குள் மட்டும்.

மீதிப் பாதியோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்குப் போகும்போது முதலில் கேட்பது "கரண்ட் சிடிசி என்ன, அதில் ஃபிக்ஸட் எவ்வளவு?" என்பதுதான். சம்பளச் சீட்டையும் கேட்பார்கள். அதுக்கு மேலே இத்தனை சதவீதம் என்றுதான் அடுத்த சம்பளத்தைப் பேசுவார்கள். 3.6-ல் உட்கார்ந்தவருக்கும் 4.2-ல் உட்கார்ந்தவருக்கும் அந்த வித்தியாசம் கூடவே வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க: கையில் இல்லாத இன்னொரு ஆஃபரை இருக்கிறது என்று எழுதாதீங்க. "காப்பி அனுப்புங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிஞ்சுடும். உங்க செலவுக் கணக்கு உண்மை; அதை யாரும் காப்பி கேட்க மாட்டார்கள்.

பதிலே வரவில்லை என்றால், நாலு வேலை நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே ரெண்டு வரி ஞாபகப்படுத்துங்க. அதுக்கும் பதில் இல்லையென்றால் ஒரு போன். அதோட நிறுத்திடுங்க, மற்ற இன்டர்வியூக்களைப் பாருங்க.

பேசிப் பார்த்தும் உங்க அடிமட்டத் தொகை வரவில்லை என்றால் வேண்டாம்னு சொல்லுங்க. சொல்லாமல் காணாமல் போகாதீங்க. இந்தச் சம்பளத்தில் என்னால் சென்னையில் இருக்க முடியாது, இதைவிட மேலே ரேஞ்ச் உள்ள ரோல் வந்தால் கூப்பிடுங்க என்று ரெண்டு வரி போதும். 23,000-க்குச் சேர்ந்து, நாலாவது மாசம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் ராஜினாமா பண்ணுவதைவிட இது ரெண்டு பேருக்கும் நல்லது.

அடுத்த இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்னாடி, மாசம் கைக்கு எவ்வளவு வந்தால் உங்களால் அந்த ஊரில் இருக்க முடியும் என்று ஒரு பேப்பரில் எழுதி வெச்சுக்கோங்க. "எக்ஸ்பெக்டேஷன் என்ன?" என்று கேட்கும்போது, யாரோ சொன்ன ஆறு லட்சத்தைச் சொல்லாமல், அந்தக் கணக்கில் இருந்து பேசலாம்.