இயல்நிலைப் பரவலுக்கும் ‘சிறந்த’ என்ற சொல்லுக்கும் என்ன உறவு?

ஹைதராபாத் கச்சிபௌலியில் பேராசிரியர் சி. ஆர். ராவ் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய கணித, புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. காஸ்-மார்க்கோவ் தேற்றத்தின் எல்லைகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ராவ். ஆயினும், அத்தேற்றத்தின் பெயரால் மொழியியல், சமூக அறிவியல் ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வருகிறது: “பிழைகள் இயல்நிலைப் பரவலில் உள்ளன, ஆகவே மீச்சிறு வர்க்க மதிப்பீடு புளூ ஆகும்.” இவ்வாக்கியத்தில் ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

புளூ என்பது ‘சிறந்த நேரியல் சாய்வற்ற மதிப்பீட்டான்’ என்பதன் சுருக்கம். இங்கே ‘நேரியல்’ என்பது வரைபடத்தில் தோன்றும் நேர்கோடு அன்று; அளந்த y மதிப்புகளை எடைபோட்டுக் கூட்டி மதிப்பீட்டைப் பெறுகிறோம் என்பதே அதன் பொருள். ‘சாய்வற்ற’ என்றால், அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்தால் மதிப்பீடுகளின் சராசரி உண்மை மதிப்பில் நிற்கும். இதற்கு மாதிரியின் வடிவம் சரியாக இருப்பதும், X தரப்பட்ட நிலையில் பிழையின் எதிர்பார்ப்பு சுழியாக இருப்பதும் போதும். ‘சிறந்த’ என்பது நேரியல் சாய்வற்ற மதிப்பீட்டான்கள் என்ற அந்தக் குடும்பத்திற்குள் மட்டும் மிகக் குறைந்த பரவற்படி. பிழைகளின் பரவற்படி எங்கும் சமமாகவும், பிழைகள் தம்முள் ஒட்டுறவின்றியும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதற்காகவே வருகிறது. இயல்நிலைப் பரவல் இவற்றுள் எதிலும் இல்லை. 1809இல் அதைச் சார்ந்து மீச்சிறு வர்க்க முறையை நிறுவிய காஸே, 1820களில் அந்த எடுகோளைக் கைவிட்டு மறுபடி நிறுவினார். சிறு மாதிரியில் t, F சோதனைகள் துல்லியமாக அமைய அது வேண்டும். அது வேறு செய்தி.

ஓர் உயிரொலியின் நீளத்தை இரு கருவிகள் அளப்பதாகக் கொள்வோம். முதலாவதன் பரவற்படி 1, இரண்டாவதன் பரவற்படி 4, பிழைகள் ஒட்டுறவற்றவை. எடைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்கும்வரை மதிப்பீடு சாய்வற்றது. சம எடை தரும் எளிய சராசரியின் பரவற்படி (1+4)/4 = 1.25. இரண்டாம் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு முதலாவதை மட்டும் நம்பினாலோ 1! எடைகளை 4/5, 1/5 என்று வைத்தால் 16/25 + 4/25 = 0.8, புளூ இதுதான். எளிய சராசரி இங்கே சாய்வற்ற தன்மையை இழக்கவில்லை, ‘சிறந்த’ என்ற தகுதியை மட்டுமே இழந்தது. பிழைகளின் பரவல் எந்த வடிவில் இருக்கிறது என்று இக்கணக்கில் யாரும் கேட்கவேயில்லை.

மொழியியலாருக்கு உண்மையில் ஆபத்தானது வேறொன்று. பத்துப் பேர், ஆளுக்கு இருபது உச்சரிப்பு, மொத்தம் 200 அளவீடுகள் என்க. ஒரே ஆளின் அளவீடுகளுக்கிடையே ஒட்டுறவு 0.5 எனில், தேற்றத்தின் நிபந்தனை உடைந்துவிட்டது. ஆனால் ஆளுக்குச் சம எண்ணிக்கை இருப்பதால், ஒட்டுமொத்தச் சராசரி இப்போதும் புளூவே. நிபந்தனை போதுமானது, இன்றியமையாதது அன்று. அது உடைந்த பின்னும் மீச்சிறு வர்க்க முறை எப்போது சிறந்ததாக நீடிக்கும் என்பதை ராவ் 1967இல் வெளியிட்ட கட்டுரை ஆராய்கிறது. மதிப்பீடு தப்பித்தாலும் அதன் திட்டப் பிழை தப்பிப்பதில்லை. உண்மைப் பரவற்படி, 200 அளவீடுகளும் ஒட்டுறவற்றவை என்று நம்பிக் கணக்கிடும் பரவற்படியைப் போல 1 + 19 × 0.5 = 10.5 மடங்கு. திட்டப் பிழை ஏறத்தாழ 3.2 மடங்கு பெரிது. மென்பொருள் 6 என்று காட்டும் t மதிப்பு உண்மையில் 2க்கும் கீழே. ‘புளூ’ என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் பட்டியலில் இட்ட விண்மீன் குறிகள்தாம் பொய்.

இன்னும் மோசமானது சாய்வு. வயதுக்கேற்ப உயிரொலி நீள்கிறதா என்று ஆராய்பவர் பேச்சு வேகத்தை மாதிரியில் சேர்க்கவில்லை; முதியோரோ மெதுவாகப் பேசுகிறார்கள். வேகத்தின் விளைவும் வயதின் கணக்கில் ஏறிவிடும். தரவைப் பத்து மடங்கு ஆக்கினாலும் இது தீராது. தவறான எண் இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவே. எச்சங்களின் சராசரி சுழி என்று காட்டி, “முதல் எடுகோள் சரிபார்க்கப்பட்டது” என்று எழுதுவோர் உளர். மாறிலி உறுப்பு உள்ள எந்த மாதிரியிலும் எச்சங்களின் கூட்டுத்தொகை சுழியாகவே வரும். எச்சங்கள் வயதோடு ஒட்டுறவின்றியே வரும். மீச்சிறு வர்க்க முறையே அவற்றை அப்படி ஆக்கிவைக்கிறது. மெய்யான பிழையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. க்யூ-க்யூ வரைபடமும் சொல்லாது. எந்த மாறி விடுபட்டது என்பதை மொழியறிந்தவர்தான் சொல்ல முடியும். பேச்சு வேகத்தை அளந்து மாதிரியில் சேர்த்து, வயதின் கெழு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கவேண்டியவரும் அவரே.