முப்பது நொடியில் இடம் இருக்கிறது

ரீல்ஸ், ஷார்ட்ஸ் எடுப்பவர்களிடம், பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எடுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். “சினிமாவுக்கு அது சரி, முப்பது நொடி வீடியோவில் இடமேது? கேப்ஷன்தான் போட்டுவிட்டோமே!” என்பார்கள். இந்த வாதத்தில் எதுவுமே நிற்காது என்பது என் கருத்து.

முதலில் இடம். சினிமாவில் காட்சியை விவரிக்கத் தனிக்குரல் தேவைப்படுவதற்குக் காரணம், படம் முடிந்த பிறகு அதைச் சேர்ப்பதுதான். வசனங்களுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் அது நுழைய வேண்டும். ரீலில் பேசுகிறவரே எழுதுகிறவர். சொல்வதை மாற்றிச் சொன்னாலே போதும்.

மிளகு ரசம் வைத்துக் காட்டுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். “இதை இவ்வளவு எடுத்து இப்படி நுணுக்கிக்கோங்க. அடுப்புல வச்சு, இந்த மாதிரி வந்ததும் இறக்கிடுங்க.” திரையைப் பார்க்க முடியாதவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. எதை, எவ்வளவு, எந்த மாதிரி? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மிளகு ஒரு ஸ்பூன் எடுத்து கொரகொரப்பா நுணுக்கிக்கோங்க. அடுப்புல வச்சு, நுரை கட்டினதும் இறக்கிடுங்க.” முன்னதில் 11 சொல், பின்னதிலும் 11 சொல்தான். ஒரு நொடிகூட நீளவில்லை. காட்சியிலுள்ள முக்கியமான தகவல் பேச்சிலேயே வந்துவிட்டால் தனி விவரிப்பு வேண்டியதில்லை என்று டபிள்யூசிஏஜி எனப்படும் சர்வதேச அணுகல் வழிகாட்டியும் ஏற்கிறது. சமைப்பவரின் சேலை நிறத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை. எதை விட்டால் ரசம் வைக்க முடியாதோ அதைச் சொன்னால் போதும். எழுதியதைச் சோதிக்க எளிய வழி, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்பது. “இது, இப்படி, இந்த மாதிரி” என்று காதில் விழும் ஒவ்வோர் இடமும் ஓட்டைதான்.

பேச்சே இல்லாமல், பின்னணியில் பாட்டை ஓடவிட்டு அளவுகளைத் திரையில் எழுத்தாக மட்டும் காட்டுவது இன்னும் மோசம். படத்தோடு பதிந்த எழுத்தை டாக்பேக் போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் வழக்கமாகப் படித்துச் சொல்வதில்லை. பார்வையற்றவருக்குக் கேட்பது பாட்டு மட்டும்தான்.

அடுத்து, “கேப்ஷன் போட்டாச்சு” என்கிற வாதம். எங்கே போட்டீர்கள்? எடிட்டிங் செயலியில் 1080-க்கு 1920 திரை காலியாக இருக்கும். அடியில் எழுத்தை வைத்தால் பளிச்சென்று தெரியும். பதிவேற்றியதும் அதே இடத்தில் கணக்கின் பெயர், விளக்கவரி, பாட்டின் பெயர் எல்லாம் வந்து உட்காரும். வலது ஓரத்தில் லைக், கமெண்ட், ஷேர் பொத்தான்கள். வரியின் கடைசிச் சொல் அவற்றுக்குப் பின்னால் போய்விடும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. “உப்பு இப்போது சேர்க்க” வரை தெரிந்து, “வேண்டாம்” மறைந்தால் அர்த்தமே தலைகீழ். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு அடியில் சுமார் 35 சதவீதத்தை எழுத்தில்லாமல் விடும்படி மெட்டாவே சொல்கிறது. எழுத்துக்கு நடுப்பகுதியின் கீழ்ப்பாதி பாதுகாப்பான இடம். ஆனால் கை வேலை செய்வது அங்கேதான் தெரிகிறது என்றால் மேலே ஏற்றிவிடுங்கள். வெளியிடும் முன் செயலியின் முன்னோட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

நிறத்தையும் இதோடு பார்க்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை விகிதமாகக் கணக்கிடுவார்கள். வெள்ளையில் கறுப்பு 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும். நம் ரசப் பாத்திரம் எவர்சில்வர். அதன் வெளிர்சாம்பல் மினுக்கத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் 2-ஐக்கூட எட்டாது. ஆவி எழுந்தால் அதுவும் போச்சு. வீடியோவில் பின்னணி நொடிக்கு நொடி மாறுவதால், நல்ல நிறமாகப் பார்த்துத் தேடுவது வீண். எழுத்துக்குப் பின்னால் 70 சதவீத அடர்த்தியில் கறுப்புப் பட்டை ஒன்றை வையுங்கள். பின்னணி முழு வெள்ளையாகவே ஆனாலும் விகிதம் 8-க்குக் கீழே இறங்காது.

பட்டை வைத்தால் அழகு கெடும் என்பார்கள். ஒவ்வொரு சொல்லாகத் துள்ளி மறையும் கேப்ஷனை அழகு என்று சொல்பவர்களும் இவர்களே. காது கேளாதவருக்கு அந்த எழுத்துதான் குரல். தவறவிட்ட சொல்லைத் திரும்பிப் பார்க்க வழியில்லாமல் பறித்துக்கொள்வதில் எனக்கு அழகு எதுவும் தெரியவில்லை. இரண்டு வரி, முழு வாக்கியம், படித்து முடிக்கும்வரை திரையில் நிற்கட்டும்.

உண்மையிலேயே இடமில்லாத வீடியோக்கள் உண்டு. நடனத்தில் தாளத்துக்கு மேல் பேசினால் நடனமே கெட்டுவிடும். அங்கே முதல் இரண்டு நொடியில் “மொட்டை மாடி, மூன்று பேர், கரகம்” என்று சொல்லிவிட்டு ஆடத் தொடங்கலாம். மீதியைப் பதிவின் விளக்கவரியில் எழுதலாம். அதை ஸ்கிரீன் ரீடர் படிக்கும்.