கடமை என்று சுருக்கினால் கீதையில் என்ன மிஞ்சும்?

கொல்கத்தாவின் டாக்குரியாவில் தமிழர்கள் கூடிய கீதைச் சொற்பொழிவில் பேச்சாளர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அதையே அச்சடித்தும் கொடுத்தார். கீதையில் தர்மம் என்றால் கடமை. அர்ஜுனன் க்ஷத்திரியன், அவன் கடமை போர். விளைவை எண்ணித் தயங்கியது அவன் பலவீனம். நமக்கும் அதேதான்: இட்ட வேலையைச் செய், பலனைக் கேட்காதே. அரங்கம் கைதட்டியது. நான்கு வரிகளில் நான்கு பிழைகள் இருக்கின்றன. நான்காவது பிழை ஆபத்தானதும்கூட. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் முழுக்கச் சாய்ந்து நின்றது இரண்டாம் அத்தியாயத்தின் நாற்பத்தேழாம் ஸ்லோகத்தின் மேல். தமிழ்நாட்டில் அது ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்று நாள்காட்டிகளில் தொங்குகிறது. அந்த ஸ்லோகத்தில் தர்மம் என்ற சொல்லே கிடையாது. இருப்பது கர்மம், அதாவது செயல். செயலில் உனக்கு உரிமை உண்டு, பலனில் கிடையாது, செயலற்றிருப்பதிலும் பற்று வேண்டாம் என்பது அதன் பொருள். தர்மத்துக்கு விளக்கம் சொல்ல வந்தவர், தர்மம் வராத ஸ்லோகத்தை ஆதாரமாக்கினார்.

சொல் வரும் இடத்துக்குப் போவோம். பதினெட்டாம் அத்தியாயம், முப்பத்தொன்றாம் ஸ்லோகம். ராஜஸ புத்தி எதையெல்லாம் தவறாக அறிகிறது என்று கிருஷ்ணன் அங்கே சொல்கிறான். தர்மம், அதர்மம் என்று ஒரு ஜோடி. அதற்கு அடுத்து காரியம், அகாரியம் என்று இன்னொரு ஜோடி. செய்ய வேண்டியதற்குக் கீதை வைத்திருக்கும் சொல் ‘காரியம்’. மூன்றாம் அத்தியாயத்திலும் ஆறாம் அத்தியாயத்திலும் அது அதே பொருளில்தான் வருகிறது. விதிக்கப்பட்ட செயலுக்கு ‘நியதம் கர்மம்’ என்ற வழக்கும் உண்டு. தர்மமும் கடமையும் ஒன்றே என்றால், ஒரே ஸ்லோகம் இரண்டையும் தனித்தனியாக அடுக்கியிருக்க வேண்டிய தேவை என்ன? பிரசுரத்தில் பதினெட்டாம் அத்தியாயத்திலிருந்து பல மேற்கோள்கள் உள்ளன. இந்த ஸ்லோகத்தை மட்டும் காணவில்லை.

இதைவிடப் பெரிய சேதம் முதல் அத்தியாயத்துக்கு நேர்கிறது. கடமை ஒன்று, பாசம் ஒன்று, பாசத்துக்கு அடிமையாகி அர்ஜுனன் கடமையை மறந்தான் என்பது பேச்சாளரின் கதை. மூலத்தில் அர்ஜுனன் பேசுவது பாசத்தை மட்டுமல்ல, தர்மத்தையும்தான். குலம் அழிந்தால் குலதர்மங்கள் அழியும், ஜாதிதர்மங்கள் குலையும், முன்னோருக்குப் பிண்டமும் நீரும் இல்லாமல் போகும் என்று படிப்படியாக வாதாடுகிறான். எதிரே நிற்பவர் பாட்டனார் பீஷ்மர், ஆசான் துரோணர். போரிடுவது ஒரு தர்மம், குலத்தையும் குருவையும் காப்பது இன்னொரு தர்மம். இரண்டும் மோதுகின்றன. அதனால்தான் தர்மம் எது என்று விளங்காமல் மனம் குழம்பிவிட்டதாக இரண்டாம் அத்தியாயத்தில் அவனே சொல்லிச் சீடனாகச் சரணடைகிறான். தன் கடமை எது என்று தெளிவாகத் தெரிந்த ஒருவன் இப்படிக் கேட்க மாட்டான். கேள்வியை அழித்துவிட்டு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார் நம் பேச்சாளர்.

அவர் பக்கம் உள்ள நியாயத்தையும் மறைக்கக்கூடாது. ஸ்வதர்மத்தைப் பார்த்தாவது நடுங்காதே என்று கிருஷ்ணன் சொல்லும்போது, அது க்ஷத்திரியனுக்கு விதித்த போர்தான். பதினெட்டாம் அத்தியாயம் நான்கு வர்ணங்களுக்கும் தனித்தனியே கர்மங்களைப் பிரித்துக் கொடுக்கிறது. இதே வங்காளத்தில் 1888ஆம் ஆண்டு ‘தர்மதத்துவம்’ எழுதிய பங்கிம் சந்திரர், தம் கீதை உரையில் ஸ்வதர்மத்தை வர்ணத்துக்கு வெளியேயும் விரிக்க முயன்றார். உரை நான்காம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. பங்கிமின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வர்ணத்தைச் சத்தமில்லாமல் உருவிவிட்டு அந்த இடத்தில் ‘உத்தியோகம்’ என்று செருகுவது வேறு காரியம். ஸ்வதர்மம் என்ற ஒரு பயன்பாட்டை எடுத்து, சொல்லின் முழுப் பொருளும் அதுவே என்று பேச்சாளர் நீட்டிவிட்டார். நீட்டியது பொருந்துகிறதா என்று சோதிப்பது எளிது. தர்மம் வாடும்போதெல்லாம் வருகிறேன் என்கிறது நான்காம் அத்தியாயம். வாடுவது ஒருவனின் கடமையா, உலகைத் தாங்கும் ஒழுங்கா? இந்தத் தர்மத்தில் சிறிதளவும் பெரும் பயத்திலிருந்து காக்கும் என்று இரண்டாம் அத்தியாயம் சொல்லும்போது, ‘இந்தத் தர்மம்’ என்பது அங்கே விளக்கப்பட்டுவரும் யோகநெறி. தர்மத்துக்கு முரணாகாத காமமாக நான் இருக்கிறேன் என்று ஏழாம் அத்தியாயத்தில் வருவதற்குக் கடமை என்று பொருள் போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

விளைவை எண்ணுவது பலவீனமாம். இதைக் கிருஷ்ணனே ஏற்கவில்லை. போரிலிருந்து விலகினால் அவப்பெயர், செத்தால் சுவர்க்கம், வென்றால் பூமி என்று இரண்டாம் அத்தியாயத்தில் அவன் சொல்வதெல்லாம் விளைவுகளே. நான் செயல்படாவிட்டால் இந்த உலகங்கள் அழிந்துபோகும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் தன்னையே சான்றாக வைக்கிறான். லோகசங்கிரகத்தை, உலகைச் சிதறாமல் சேர்த்துப் பிடிப்பதை, நோக்கியாவது செயல்படு என்கிறான். பலனில் எனக்கு ஆசை வேண்டாம் என்பது ஒன்று, என் செயலால் பிறருக்கு என்ன ஆகும் என்று பார்க்காதே என்பது வேறொன்று. கீதை முதலாவதைத்தான் கேட்கிறது. விளைவைப் பற்றிய அர்ஜுனனின் அக்கறையை 2009ஆம் ஆண்டு அமர்த்தியா சென் தம் நீதி பற்றிய நூலில் ஆதரித்து எழுதினார். கிருஷ்ணன் பக்கத்தை அவர் வெறும் கடமைவாதமாகப் படித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அர்ஜுனன் எழுப்பிய கேள்விக்கு அவர் மதிப்புக் கொடுத்தார். நம் பேச்சாளர் அதைக்கூடச் செய்யவில்லை.

தமிழில் பேச வந்தவர் தமிழ் மரபையாவது தொட்டிருக்கலாம். எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னை மட்டும் சரணடை என்று வரும் பதினெட்டாம் அத்தியாயத்தின் அறுபத்தாறாம் ஸ்லோகம் வைணவர்களுக்குச் சரம ஸ்லோகம். அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை லோகாசாரியர் ‘முமுக்ஷுப்படி’யில் பொருள் சொல்கிறார். தர்மம் என்றால் அவருக்குப் பலனுக்குச் சாதனமாக இருப்பது. இங்கே அது மோட்சத்துக்குச் சாதனமான கர்ம, ஞான, பக்தி யோகங்களைக் குறிக்கிறது. வேதாந்த தேசிகர் ‘ரஹஸ்யத்ரயஸார’த்தில் இதே ஸ்லோகத்தை எடுத்துக்கொண்டு, ‘விட்டு’ என்பது கட்டளையா, அல்லது வேறு வழியில்லாதவனின் நிலையைச் சொல்வதா என்று விரிவாக ஆராய்கிறார். தென்கலையும் வடகலையும் நூற்றாண்டுகளாக இதில் வாதாடியிருக்கின்றன. இரு தரப்பும் ‘கடமைகளை எல்லாம் விட்டுவிடு’ என்று இதைப் படிக்கவில்லை. பேச்சாளரின் அகராதிப்படி அப்படித்தான் படித்தாக வேண்டும். பதினெட்டு அத்தியாயங்கள் கடமையைச் செய்யச் சொன்னவன், முடிவில் கடமைகளைக் கைவிடச் சொல்கிறான் என்று ஆகும். இந்த முரண்பாடு பற்றிப் பிரசுரத்தில் ஒரு வரியும் இல்லை.

இனி நான்காவது பிழை. கேள்வி நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். மேலதிகாரி தவறான கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் தர்மம் எது என்று கேட்டார். இட்டதைச் செய்வதே தர்மம், பாவம் இட்டவரைச் சேரும் என்றார் பேச்சாளர். இதற்குக் கீதையில் இடமே இல்லை. அதர்மத்தைத் தர்மம் என்று எண்ணும் புத்தியைப் பதினெட்டாம் அத்தியாயம் தாமஸம் என்று தள்ளுகிறது. ஆக, எது தர்மம் என்று பிரித்தறிவது செய்பவனின் புத்திக்கு விட்ட வேலை. அறுபத்து மூன்றாம் ஸ்லோகத்தில், ரகசியத்திலும் ரகசியமான ஞானத்தைச் சொல்லிவிட்டேன், இதை மிச்சமில்லாமல் ஆராய்ந்து பார், பிறகு விரும்பியபடி செய் என்கிறான் கிருஷ்ணன். தேர்த்தட்டில், இரு படைகளுக்கு நடுவே, போர் தொடங்கவிருக்கும் நேரத்திலும் அர்ஜுனனுக்குக் கொடுக்கப்பட்ட அந்த உரிமையை டாக்குரியாவில் அந்த இளைஞரிடமிருந்து பறிக்க நீங்கள் யார், ஐயா? அவர் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, சொன்ன பதிலைத் திரும்பப் பெறுங்கள்.