எந்தத் தொகைக்கு 20 வீதம்?

"இப்போது சம்பளத்தில் 20 வீதம் குறைப்போம், தேயிலை விலை ஏறியதும் அதே 20 வீதத்தைக் கூட்டித் தருவோம்" என்று நிர்வாகம் சொன்னால், சரிக்குச் சரி போலத் தோன்றும். கணக்கு அப்படியில்லை, தோழர்களே.

நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 வீதம் குறைந்தால் 800 ரூபாய். பிறகு கூட்டும் 20 வீதம் இந்த 800க்குத்தான்; அது 160 ரூபாய். கைக்கு வருவது 960. முதலில் கூட்டிப் பிறகு குறைத்தாலும் இதே 960தான்.

நாளுக்கு 40 ரூபாய் நட்டம். மாதம் 25 நாள் வேலை செய்தால் 1000 ரூபாய். பழைய சம்பளப்படி முழுதாக ஒரு நாள் உழைப்பு. ஊழியர் சேமலாப நிதியும் அதற்கேற்பக் குறையும்.

800 மீண்டும் 1000 ஆக, 25 வீதம் கூட்ட வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் வீதம் போதாது. ரூபாய்த் தொகையையே எழுதச் சொல்வோம்.