பயணத்தின் கெடு எது?

வைத்திக்குப்பத்திலிருந்து உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ புறப்படும் நம்மவர்கள் பெரும்பாலோர் சென்னை சென்றே விமானம் ஏறுகின்றனர். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது என்ற பேச்சில் எல்லோரும் விமானம் புறப்படும் நேரத்தையே பார்க்கின்றனர். என் கருத்தில், அங்கேதான் தவறு தொடங்குகிறது. நமக்கு உண்மையான கெடு, பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்டர் மூடப்படும் நேரமே.

என் உறவினர் குடும்பத்திற்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விமானம் நள்ளிரவு 1.30க்கு. 12.40க்கு அவர்கள் நிலையத்திற்குள் நுழைந்தார்கள். இணையத்தில் செக்-இன் செய்து, போர்டிங் பாஸும் கைப்பேசியில் இருந்தது. ஆனால் நான்கு பெட்டிகள் கையில் இருந்தன, கவுண்டர் 12.30க்கே மூடிவிட்டது. பயணம் போயிற்று.

வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடங்களுக்கு முன் மூடப்படும். சிலவற்றில் 75 நிமிடங்கள். அதற்குப் பின்னரே குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகிய இரு வரிசைகள். நள்ளிரவை ஒட்டிப் பல விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படுவதால் இவை நீளும். 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த விரைவுக் குடியேற்றத் திட்டத்தில், இந்தியக் குடிமக்களும், பிரெஞ்சுக் குடியுரிமையுடன் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம்மூராரும் முன்கூட்டிப் பதிவு செய்யலாம். எனினும் அது குடியேற்ற வரிசையை மட்டுமே குறைக்கும். கவுண்டர் வரிசையைக் குறைக்காது.

ஆகவே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 1.30 விமானத்திற்கு 10.30க்கு நிலைய வாசலில் இருக்க வேண்டும். சென்னைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்; வழக்கமாக மூன்று மணி நேரம் ஆகும், நெரிசலுக்கு அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். மஃரிப் தொழுதுவிட்டு 7 மணிக்குக் கிளம்பினால் கணக்குச் சரி. முதியவர்களோ பலர் சேர்ந்த குழுவோ என்றால் இன்னும் அரைமணி முன்னதாக வேண்டும். எடை மிகுந்த ஒரு பெட்டியைத் திறந்து அடுக்கவே கால்மணி போய்விடும்.

"ஆறு மணி நேரம் முன்பே போய்விட்டால் கவலையில்லையே" என்பாரும் உண்டு. கவுண்டர் திறப்பதே பொதுவாக மூன்று மணி நேரத்திற்கு முன்புதான். அதுவரை குழந்தைகளும் பெரியவர்களும் பெட்டிகளோடு காத்துக் களைப்பதால் வரிசையில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

இறுதியாக ஒன்று. நம் வழக்கில் வியாழன் மஃரிபுக்குப் பின் வருவது வெள்ளி இரவு. பயணச்சீட்டிலோ நள்ளிரவு 12க்கே தேதி மாறும். 'வெள்ளி 1.30' என்று அச்சிட்டிருந்தால், வியாழன் மாலையே கிளம்ப வேண்டும். வெள்ளி மாலை கிளம்புவோருக்கு எந்தக் கவுண்டரும் திறந்திராது. சீட்டு கைக்கு வந்த அன்றே, வீட்டை விட்டுக் கிளம்பும் கிழமையையும் மணியையும் அதன்மீது எழுதி வையுங்கள்.