ஏட்டுப்படிமங்களின் சேமிப்புச் செலவு: ஜிகாபைட் விலை காட்டாத கணக்கு

ஓலைச்சுவடிகளை மின்படிமமாக்கும் திட்டங்களின் நிதிக்கோரிக்கையில் 'நீண்டகாலச் சேமிப்பு' என்னும் தலைப்பு பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. இத்தனை டெராபைட், ஜிகாபைட் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு விலை, ஆகவே ஆண்டுக்கு இவ்வளவு என்பதே அவ்வரி. மிகக் குறைந்த விலை குறித்த நிறுவனத்தின் மிகக் குறைந்த விலை வகுப்பு தெரிவுசெய்யப்படுகிறது. பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிடும் வழியாக இது தோன்றினும், சுவடியியலின் இயல்பான பணிமுறையோடு பொருத்திப் பார்க்கும்போது இத்தெரிவு பலவேளை செலவு மிகுந்ததாகவே முடிகிறது. கணினித்துறையினரிடம் விட்டுவிடத்தக்க சிக்கல் அன்று இது. ஒரு படிமம் எத்தனை முறை திருத்தப்படும், எத்தனை முறை படிக்கப்படும் என்பதை அறிந்தவர் பதிப்பாசிரியரே. செலவைத் தீர்மானிப்பனவும் அவ்விரண்டு எண்களே.

மேகச் சேமிப்பு நிறுவனங்கள் ஒரே தரவைப் பல வகுப்புகளில் வைத்துக்கொள்ள இடமளிக்கின்றன. கூகுள் நிறுவனத்தின் சேமிப்பில் ஸ்டாண்டர்ட், நியர்லைன், கோல்ட்லைன், ஆர்க்கைவ் ஆகிய வகுப்புகள் உள்ளன. சில அமெரிக்க மண்டலங்களுக்கு வெளியிடப்பட்ட பட்டியலின்படி ஜிகாபைட் ஒன்றுக்கு மாத விலை முறையே 0.020, 0.010, 0.004, 0.0012 டாலர். (மண்டலத்திற்கு மண்டலம் விலை வேறுபடும், இங்குப் பொருட்படுத்தத்தக்கது வகுப்புகளுக்கிடையிலான விகிதமே.) விலை இறங்க இறங்க இரண்டு நிபந்தனைகள் ஏறுகின்றன. ஒன்று, குறைந்தபட்சச் சேமிப்புக் காலம். நியர்லைனுக்கு 30 நாள், கோல்ட்லைனுக்கு 90 நாள், ஆர்க்கைவுக்கு 365 நாள். அதற்குமுன் கோப்பை நீக்கினாலும் மீதி நாட்களுக்கான வாடகை வாங்கப்படும். மற்றொன்று, மீட்புக் கட்டணம். ஜிகாபைட் ஒன்றைப் படிக்க நியர்லைனில் 0.01, கோல்ட்லைனில் 0.02, ஆர்க்கைவில் 0.05 டாலர் செலுத்த வேண்டும். ஸ்டாண்டர்ட் வகுப்பில் இவ்விரு நிபந்தனைகளும் இல்லை.

ஆர்க்கைவ் வகுப்பில் ஒரு ஜிகாபைட்டை ஒருமுறை படிக்கும் கட்டணம், அதனை நாற்பத்தொரு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகைக்குச் சமம். விலைப்பட்டியலின் முதல் நெடுவரிசையை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சுவடிகள், சுவடிக்குச் சராசரி நூறு ஏடுகள், ஏட்டுக்கு இரு பக்கங்கள் எனக் கொண்டால் 2,00,000 படிமங்கள் கிடைக்கும். டிஃப் வடிவிலான மூலப்படிமம் ஒன்று 50 மெகாபைட் எனின் மொத்தம் 10,000 ஜிகாபைட். இதன் ஆண்டு வாடகை ஸ்டாண்டர்டில் 2,400 டாலர். ஆர்க்கைவில் 144 டாலர். கோரிக்கையை ஆராயும் குழு எதனை ஏற்கும் என்பது வெளிப்படை.

இனி அப்படிமங்களின் முதலாண்டு வாழ்வைப் பின்தொடரலாம். படமெடுக்கும்போது கோப்புகளுக்குக் கருவி தரும் வரிசையெண்ணே பெயராக அமைகிறது. சுவடி எது, நூல் எது, ஏட்டெண் எது என்பன அட்டவணைப்பணி முடிந்த பின்னரே உறுதிப்படும். இரண்டு மாதங்களுக்குப்பின் அட்டவணை எண்ணுக்கேற்பக் கோப்புகள் அனைத்தும் பெயர்மாற்றம் பெறுவதாகக் கொள்வோம். சொந்தக் கணினியில் பெயர்மாற்றம் என்பது ஒரு சொல்லை அடித்து இன்னொன்றை எழுதுவது. இத்தகைய மேகச் சேமிப்பில் அது பொதுவாகப் புதிய பெயரில் ஒரு படியை எழுதிப் பழையதை நீக்குவதாகும். ஆகவே ஆர்க்கைவ் வகுப்பில் 10,000 ஜிகாபைட்டையும் படித்ததற்கு 500 டாலரும், ஆண்டு நிறையாமல் நீக்கியதற்காக மீதிப் பத்து மாத வாடகை 120 டாலரும் சேரும். ஒரு படிமத்தின் ஒரு புள்ளிகூட மாறவில்லை; பெயர் மட்டுமே மாறியது.

அடுத்து, பார்வைக்குரிய சிறுபடிகள் உருவாக்க மூலப்படிமங்கள் அனைத்தும் ஒருமுறை படிக்கப்படும், 500 டாலர். ஏழாம் மாத இறுதியில் தலைகீழாகவோ முன்பின் பக்கம் மாறியோ பதிவானவையும், மை தடவாத ஏடுகளில் ஒளிமாறுபாடு போதாதவையுமாகக் கால்பங்கு படிமங்கள் திருத்தி மாற்றப்படுவதாகக் கொண்டால் படித்ததற்கு 125 டாலர், முன்னதாக நீக்கியதற்கு ஏழு மாத வாடகை 21 டாலர். ஆண்டிறுதியில் கோப்புகள் சிதையாமல் உள்ளனவா என அறிய ஒவ்வொன்றையும் முழுமையாகப் படித்துச் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால் மேலும் 500 டாலர். வாடகையோடு கூட்டினால் முதலாண்டுச் செலவு 1,910 டாலர். கோரிக்கையில் எழுதப்பட்டது 144.

இதே பணிகளை மற்ற வகுப்புகளில் செய்திருந்தால் வரும் தொகைகள் கருதத்தக்கவை. நியர்லைனில் வாடகை 1,200 டாலர், பெயர்மாற்றம், சிறுபடி, திருத்தம், சரிபார்ப்பு ஆகியவற்றுக்கான மீட்பு 325 டாலர், 30 நாள் வரம்பு கடந்துவிட்டதால் முன்னீக்கக் கட்டணம் இல்லை, மொத்தம் 1,525. கோல்ட்லைனில் வாடகை 480, மீட்பு 650, பெயர்மாற்றத்தின்போது எஞ்சிய ஒரு மாத வாடகை 40, மொத்தம் 1,170. வாடகை எட்டு மடங்குக்கு மேற்பட்ட நியர்லைனும் மொத்தத்தில் ஆர்க்கைவைவிட மலிவாகிறது. இடைநிலை விலையுடைய கோல்ட்லைன் எல்லாவற்றினும் மலிவாகிறது. ஸ்டாண்டர்டின் 2,400 இன்னும் மேலேயே நிற்கிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 'மலிவானது எப்போதும் ஏமாற்றும்' என்னும் பொதுவிதி இதனால் பெறப்படாது. எந்த வகுப்பு மலிவு என்பதை விலைப்பட்டியல் தனித்துச் சொல்லாது என்பதே பெறப்படுவது.

செயற்பாடு ஒன்றுக்கான சிறுகட்டணங்களும், தரவு நிறுவனத்தின் வலையமைப்பைவிட்டு வெளியேறும் கட்டணமும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. முன்னது இத்தகைய பெருங்கோப்புகளுக்குச் சிறிது. பின்னது சிறிதன்று, ஆயினும் எந்த வகுப்பிலிருந்து வெளியேறினும் ஒன்றே என்பதால் வகுப்புகளை ஒப்பிடப் பயன்படாது. மேகச் சேமிப்பைத் துறையின் சொந்த வன்தட்டுகளோடு ஒப்பிடுவோர் அதனைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து திருத்தங்கள் ஓய்ந்துவிடும், அப்போது ஆர்க்கைவே மலிவு என்று கருதலாம். பாதி உண்மை. கோல்ட்லைனைவிட ஆர்க்கைவில் ஆண்டு வாடகை 336 டாலர் குறைவு. ஆனால் முழுத்தொகுப்பையும் ஒருமுறை படிக்க 300 டாலர் கூடுதல். ஆண்டுக்கு ஒருமுறை படித்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதற்குச் சற்று மிகுந்தாலே கோல்ட்லைன் மலிவு. சுவடிப் பதிப்பு ஒருமுறை படித்து மூடிவைக்கும் தொழில் அன்று. பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியர் ஒரே ஏட்டுக்குப் பலமுறை திரும்புவார். புதிதாக ஒரு சுவடி கிடைத்தால் முன்பு ஒப்புநோக்கிய அனைத்தையும் மீண்டும் விரிப்பார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின்னரும் சுவடி தேடுவதையும் பதிப்பைத் திருத்துவதையும் நிறுத்தவில்லை. அத்தகைய பணிமுறைக்கு உரியது மீட்புக் கட்டணம் மிகுந்த கிடங்கு அன்று. சிறுபடிகள் ஸ்டாண்டர்ட் வகுப்பில் இருந்து அன்றாட ஒப்புநோக்கலை அவையே தாங்கினால்தான் மூலப்படிமங்களை ஆர்க்கைவில் வைப்பது பொருந்தும்.

படிமங்களினும் பாடக்கோப்புகளில் இம்முரண் கூர்மையாகத் தெரிகிறது. அமேசான் நிறுவனத்தின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் வகுப்பில் ஜிகாபைட் விலை மாதம் 0.00099 டாலர், அதே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வகுப்பில் 0.023. இருபத்துமூன்று மடங்கு வேறுபாடு. ஏட்டின் ஒவ்வொரு வரியையும் தனிக்கோப்பாக எழுத்துப்பெயர்த்துப் பத்து லட்சம் கோப்புகள் சேர்ந்தன, ஒவ்வொன்றும் 4 கிலோபைட் எனக் கொள்வோம். மொத்தம் 4 ஜிகாபைட்தான். ஸ்டாண்டர்டில் மாத வாடகை ஏறத்தாழ 9 சென்ட். டீப் ஆர்க்கைவில் ஒவ்வொரு கோப்புக்கும் குறிப்புத்தரவாக 40 கிலோபைட் கூட்டப்படுகிறது; அதில் 32 கிலோபைட் அவ்வகுப்பின் விலையிலும் 8 கிலோபைட் ஸ்டாண்டர்ட் விலையிலும் கணக்கிடப்படும். கோப்பைவிட அதன் மேலுறை பத்து மடங்கு பெரிது. மாத வாடகை 22 சென்ட் ஆகிறது. பதிவேற்றக் கோரிக்கைகளுக்கு ஸ்டாண்டர்டில் 5 டாலர், இங்கே 50 டாலர். பன்னிரண்டு மணிநேரத்தில் கிடைக்கும் வழக்கமான முறையில் அனைத்தையும் மீட்கக் கோரிக்கைக் கட்டணம் மட்டும் 100 டாலர். தொகை சிறிது எனலாம். ஆனால் இருபத்துமூன்றில் ஒரு பங்கு விலையுள்ள வகுப்பு வாடகையிலேயே இருமடங்குக்கு மேல் வாங்குவதைக் காண இதனினும் தெளிவான சான்று இல்லை.

சிறுகோப்புகளைச் சுவடிவாரியாக ஒரே பொதியாகக் கட்டி வைப்பதே இதற்கு வழி. ஏடுகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிவைத்தவர்களுக்கு இது புதிதன்று. பொதிக்குள் எந்தக் கோப்பு உள்ளது, அதன் சரிபார்ப்பு எண் யாது என்னும் பட்டியலை மட்டும் பொதிக்கு வெளியே, எப்போதும் படிக்கத்தக்க வகுப்பில் வைக்க வேண்டும். மூலப்படிமங்களையும் இவ்வாறு கட்டலாம். ஆயின் ஒரேயோர் ஏடு வேண்டும்போதும் 10 ஜிகாபைட் பொதி முழுவதையும் மீட்க நேரலாம். கூகுள் ஆர்க்கைவில் அதற்கு அரை டாலர். நாளும் கேட்கப்படும் சுவடிக்கு இம்முறை ஒவ்வாது.

காலம் பற்றிய முடிவே எல்லாவற்றினும் முதன்மையானது. கூகுள் சேமிப்பில் கீழிறங்குவது எளிது, மேலேறுவது செலவு. கோல்ட்லைனிலோ ஸ்டாண்டர்டிலோ இருக்கும் கோப்பைக் குறித்த நாளுக்குப்பின் ஆர்க்கைவுக்கு மாற்றுமாறு ஒரு விதி எழுதிவைத்தால், அம்மாற்றத்துக்கு மீட்புக் கட்டணமோ முன்னீக்கக் கட்டணமோ இல்லை. முன் வகுப்பில் கழிந்த நாட்களும் குறைந்தபட்சக் காலத்தில் சேர்த்து எண்ணப்படும். 2,00,000 கோப்புகளுக்குச் செயற்பாட்டுக் கட்டணம் 10 டாலர் அளவே. ஆர்க்கைவில் தொடங்கிப் பின் மேலே கொண்டுவர விரும்பினால் மீட்புக் கட்டணம் முழுவதும் உண்டு. ஆண்டு நிறையவில்லையெனில் மீதி வாடகையும் உண்டு. எனவே அட்டவணையும் திருத்தமும் முடியும்வரை மூலப்படிமங்களை ஆர்க்கைவுக்கு அனுப்பாதிருப்பதே முறை. படமெடுத்த அன்றே அனுப்பிவிடுவதைப் பாதுகாப்பு எனக் கருதுவோர் உளர். பாதுகாப்புக்கு வேண்டியது மற்றொரு படி; அப்படி எந்த வகுப்பிலும் இருக்கலாம்.

பிழையான தெரிவு நிகழ்ந்துவிட்டதா என்பதை மாதப் பட்டியலிலேயே அறியலாம். சேமிப்பு, மீட்பு, முன்னீக்கம் என அதில் தனித்தனி வரிகள் உள்ளன. மீட்பும் முன்னீக்கமும் சேர்ந்து சேமிப்பு வரியைத் தொடர்ந்து விஞ்சுமாயின், அத்தொகுப்பு இன்னும் பணியில் உள்ளது, கிடங்குக்கு உரியதாகவில்லை என்பது பொருள். திட்டக்காலத்துக்குள் இதனைக் கண்டால் வகுப்பை மாற்றப் பணம் இருக்கும். திட்டம் முடிந்தபின் கண்டால், வாடகை மட்டும் செலுத்தத்தக்க நிலையில் துறையும், வெளியே எடுக்க 500 டாலர் வேண்டும் நிலையில் படிமங்களும் நிற்கும். நிதிக்கோரிக்கைப் படிவத்தில் டெராபைட் அளவைக் கேட்கும் கட்டத்துக்கு அடுத்து, முதலாண்டில் எத்தனை முறை திருத்தப்படும், ஆண்டுக்கு எத்தனை முறை முழுமையாகப் படிக்கப்படும் என்னும் இரு கட்டங்களைச் சேர்க்க வேண்டும். அவற்றை நிரப்ப வேண்டியவர் கணினி வழங்குநர் அல்லர், சுவடியைப் பதிப்பிப்பவர்.